துத்தநாக மாத்திரையைச் சப்பிக் கடந்த மூன்று ஜலதோஷங்கள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகருக்கு அருகே நான் வசிக்கிறேன். வருமான வரிக் கணக்குகளைத் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை. ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஏரிக் காற்றும் பனியும் சேர்ந்து ஊரையே இருமவைக்கும் காலமும் அதுதான். அந்த நான்கு மாதங்களில் எனக்கு ஒரு தடவையாவது ஜலதோஷம் வராமல் இருந்ததில்லை. கடந்த இரண்டு குளிர்காலங்களில் மூன்று முறை துத்தநாகம் கலந்த சப்பும் மாத்திரைகளைப் பயன்படுத்தினேன். முதல் முறை ஒரு பயனும் தெரியவில்லை. இரண்டாம் முறை வாந்தி எடுத்தேன். மூன்றாம் முறை, முந்தைய இரண்டிலும் செய்த தவறுகள் என்ன என்று புரிந்துகொண்டு, அளவும் நேரமும் குறித்துவைத்துச் சாப்பிட்டேன். அந்த மூன்று அனுபவங்களையும், அவற்றுக்கிடையே நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன. இந்த மாத்திரை, விழுங்கி உடம்பில் சத்தாகச் சேர்வதற்கானது அன்று. வாயில் மெல்லக் கரைந்து, தொண்டையின் மேற்பகுதியில் துத்தநாக அயனிகள் நெடுநேரம் தங்குவதற்கானது. இந்தக் கருத்து பிறந்த விதமே அதைக் காட்டுகிறது. டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் ஜார்ஜ் ஈபி என்பவரின் சிறு மகளுக்கு ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ஜலதோஷம் பிடித்திருந்த ஒரு நாளில் அந்தக் குழந்தை துத்தநாக மாத்திரையை விழுங்க மறுத்து, வாயிலேயே கரையவிட்டிருக்கிறாள். சில மணி நேரத்தில் ஜலதோஷம் மறைந்துவிட்டதைப் பார்த்த தந்தை அதை அப்படியே விட்டுவிடவில்லை. மற்ற இருவருடன் சேர்ந்து ஆய்வு நடத்தி, 1984ஆம் ஆண்டு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். அதில் தன்னார்வலர்கள் விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒரு முறை 23 மில்லிகிராம் துத்தநாகம் உள்ள மாத்திரையை வாயில் கரைத்தார்கள். அதற்கு முன்பும் துத்தநாக மாத்திரையை எத்தனையோ பேர் விழுங்கியிருப்பார்கள். அந்தக் குழந்தை செய்ததில் புதியது, மாத்திரை கரைந்த இடம்.

இது தெரியாமல்தான் என் முதல் முயற்சி வீணாயிற்று. ஜலதோஷம் தொடங்கி மூன்றாம் நாள், மூக்கு முழுவதும் அடைத்த பிறகு, மளிகைக் கடையை ஒட்டிய மருந்துப் பிரிவில் தேனும் எலுமிச்சையும் படம் போட்ட ஒரு பொட்டலத்தை எடுத்தேன். முன்பக்கத்தில் துத்தநாகம், வைட்டமின் சி என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. சுவை மிட்டாய் மாதிரி இருந்தது, அலுவலகத் தோழிகூட ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு நாளைக்கு மூன்று வீதம் போட்டேன். ஜலதோஷம் தன்பாட்டுக்கு ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போயிற்று. பிறகு ஒரு நாள், குப்பையில் போகாமல் கைப்பையின் அடியில் கிடந்த அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். ஒரு மாத்திரையில் துத்தநாகம் 5 மில்லிகிராம், அதுவும் சிட்ரேட் என்ற உப்பாக. துணைப் பொருள்களின் வரிசையில் சிட்ரிக் அமிலம். நாளொன்றுக்கு மூன்று என்றால் 15 மில்லிகிராம்.

இதில் தவறு மூன்று. ஒன்று, அளவு. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹெமிலா, அதுவரை நடந்த ஆய்வுகளை 2011ஆம் ஆண்டு அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு நாளில் மொத்தம் 75 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கொடுத்த ஆய்வுகளில் பலன் தென்படவில்லை. பலன் தெரிந்தவையெல்லாம் அதற்கு மேல் கொடுத்தவை. நான் எடுத்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு, அமிலம். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் துத்தநாக அயனியை இறுகப் பிடித்துக்கொள்ளும் தன்மையுடையது. மாத்திரையில் துத்தநாகம் இருந்தாலும் அது எச்சிலில் தனி அயனியாகப் பிரிந்து நிற்காது. புளிப்பு மிட்டாய்ச் சுவைக்காக அதைச் சேர்க்கிறார்கள், ஆனால் அந்தச் சுவையே மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடுகிறது. மூன்று, காலம். பலன் கண்ட ஆய்வுகளில் பெரும்பாலும் அறிகுறி தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் வைரஸ் பெருகி முடித்து இறங்குமுகத்தில் இருக்கும்போது தொடங்குவதில் பெரிய பொருள் இல்லை.

அடுத்த முறை வாங்கும்போது பொட்டலத்தின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராகப் பின்பக்கத்துக்குப் போனேன். அங்கே தேட வேண்டியது தனித் துத்தநாகத்தின் எடை. உப்பின் எடையும் துத்தநாகத்தின் எடையும் வெவ்வேறு. துத்தநாகக் குளுக்கோனேட்டில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் துத்தநாகம், அதாவது 100 மில்லிகிராம் உப்பில் 14 மில்லிகிராம் சொச்சம். அசிடேட் உப்பில் ஏறத்தாழ 30 சதவீதம். அமெரிக்காவில் சத்துப்பொருள் அட்டவணையோடு வரும் பொட்டலங்களில் ‘துத்தநாகம் (குளுக்கோனேட்டாக) 13.3 மி.கி.’ என்பதுபோல் தனித் துத்தநாகமே எழுதப்பட்டிருக்கும். ஆனால் ‘ஒரு பரிமாறல்’ என்பது ஒரு மாத்திரையா இரண்டா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு என்று இருந்தால் அந்த எண்ணைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு வகைப் பொட்டலங்கள் ஹோமியோபதி மருந்து என்ற பெயரில் வருகின்றன. அவற்றில் ‘சிங்கம் குளுக்கோனிகம்’ என்ற லத்தீன் பெயரும் ‘2எக்ஸ்’ என்பதுபோல் ஒரு குறியும் மட்டும் இருக்கும், மில்லிகிராம் கணக்கு இருக்காது. கணக்குப் போட முடியாததை நான் வாங்குவதில்லை. கடைசியாகத் துணைப் பொருள்களில் சிட்ரிக் அமிலமோ டார்டாரிக் அமிலமோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன்.

இப்படிப் பார்த்து வாங்கிய, 13.3 மில்லிகிராம் குளுக்கோனேட் மாத்திரையோடு இரண்டாவது ஜலதோஷத்தை எதிர்கொண்டேன். அளவு எங்கள் ஊரிலிருந்தே கிடைத்தது. 1996ஆம் ஆண்டு கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனை தன் ஊழியர்கள் 100 பேரிடம் நடத்திய ஆய்வில் பயன்படுத்தியது இதே 13.3 மில்லிகிராம்தான், விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒன்று. துத்தநாகம் எடுத்தவர்களுக்கு அறிகுறிகள் நீங்க ஆன காலத்தின் இடைமதிப்பு 4.4 நாள், ஒப்பிடுவதற்காகத் துத்தநாகம் இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 7.6 நாள். இதைப் படித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதே ஆய்வில் குமட்டல் துத்தநாகம் எடுத்தவர்களில் 20 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 4 சதவீதம் என்று இருந்ததைப் படித்தேன், ஆனால் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொண்டை வறண்டு அரிப்போடு விழித்தேன். 24 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்ற அவசரத்தில், பல் துலக்கியதும் முதல் மாத்திரையை வாயில் போட்டேன். முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான், வயிற்றில் ஒன்றும் இல்லை. ஏழரைக்கு, காரில் அலுவலகம் போகும் வழியில், இரண்டாவது. கரைந்து முடிவதற்குள் வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது. காசை நாக்கில் வைத்ததுபோல் ஓர் உலோக வாடை, தொண்டைக்குழியில் ஏதோ எழும்புவது போன்ற உணர்ச்சி. வாகன நிறுத்துமிடத்தில் கதவைத் திறந்ததும் வாந்தி வந்துவிட்டது, மஞ்சள் நீர் மட்டுமே. கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது. ஜலதோஷமே வயிற்றுக்குள் இறங்கிவிட்டதோ, இது வெறும் ஜலதோஷம் இல்லையோ என்று பயந்து, பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். ஒன்பது மணிக்கெல்லாம் வயிறு சமநிலைக்கு வந்துவிட்டது. தயிர் சாதம் சாப்பிட்டேன், தங்கியது.

அந்தத் தேறுதல்தான் அடையாளம். துத்தநாகத்தால் வரும் குமட்டல், மாத்திரை கரைந்து சிறிது நேரத்தில் வரும், ஓரிரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும், அடுத்த மாத்திரையோடு திரும்ப வரும். வைரஸால் வரும் குமட்டல் அப்படி மாத்திரையின் கடிகாரத்தைப் பார்த்து வராது. பெரும்பாலும் காய்ச்சலோ உடல்வலியோ வயிற்றுப்போக்கோ கூடவே இருக்கும். காரணமும் எளிமையானது. துத்தநாக உப்பு வெறும் வயிற்றின் உட்சுவரை நேரடியாக எரிச்சலூட்டுகிறது. துத்தநாக சல்பேட் ஒரு காலத்தில் வாந்தி எடுக்க வைக்கும் மருந்தாகவே பயன்பட்டது என்று பிறகு படித்தபோது, அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு முழுதாகப் புரிந்தது.

இதற்கு வழி என்ன என்று நான் வழக்கமாகச் செல்லும் மருந்துக் கடையின் மருந்தாளுநரிடம் கேட்டேன். “சாப்பிட்ட பிறகு போடுங்கள், அவ்வளவுதான்” என்றார். எனக்கு உடனே ஒரு சந்தேகம். நம் சாப்பாட்டில் உள்ள பருப்பும் தானியமும் துத்தநாகத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்று படித்திருக்கிறேனே, பலன் குறைந்துவிடாதா என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் உதவியது: “குடலில் உறிஞ்சப்பட்டு என்ன ஆகப்போகிறது? தொண்டையில்தான் வேலை. அதற்குப் பிறகு உங்கள் இட்லி அதைப் பிடித்துவைத்துக்கொண்டால் நல்லதுதான்.” சத்து மாத்திரைக்குச் சொல்லப்படும் விதியை இதற்குப் பொருத்திப் பார்த்ததுதான் என் குழப்பம். உணவு மாத்திரைக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் உடனே வரக்கூடாது. முன்னால் இருந்தால் வயிற்றைக் காக்கும், உடனே பின்னால் வந்தால் தொண்டையில் படிந்ததைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது ஜலதோஷம் இந்த ஆண்டு ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது. தொண்டையின் பின்பக்கம், மூக்கோடு சேரும் இடத்தில், ஓர் அரிப்பு. எனக்கு எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும். காய்ச்சல் இல்லை. வீட்டிலிருந்த கொரோனா சோதனைக் குச்சியில் ஒரு கோடுதான் வந்தது. இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு ஐந்து மணிக்கு முதல் மாத்திரை, பிறகு ஏழு, ஒன்பது மணிக்கு ஒவ்வொன்று. ஒன்பது மணிக்கு முன் ஒரு வாழைப்பழம். முதல் நாள் மொத்தம் மூன்று, 40 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. நேரம் போதவில்லை என்பதற்காக ஒரே வேளையில் இரண்டைப் போடவில்லை. அப்படிப் போட்டால் குமட்டல்தான் இரட்டிக்கும்.

திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஏழு வீதம். காலை ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டு முடித்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சற்று நேரம் கழித்து முதலாவது, பிறகு இரண்டு மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிவாக்கில் கடைசி. ஏழு பதிமூன்று சொச்சம் 93 மில்லிகிராம். நடுவில் ஒவ்வொரு மாத்திரைக்கும் முன் நான்கு பிஸ்கட்டோ, ஒரு பிடி பொட்டுக்கடலையோ, அரை கிண்ணம் தயிர் சாதமோ உள்ளே போய்விடும்படி பார்த்துக்கொண்டேன். படுக்கப் போகும் முன் போடவில்லை, ராத்திரி நடுவில் விழித்தாலும் போடவில்லை. மாத்திரையைக் கடிக்கவில்லை, நாக்கால் புரட்டிக்கொண்டே இருக்கவும் இல்லை. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி, இடமும் வலமுமாக மாற்றி வைத்தேன். ஒரே இடத்தில் வைத்தால் உள்கன்னம் வெந்ததுபோல் ஆகிவிடுகிறது. இரண்டாம் நாள் இடப்பக்கத்தில் அப்படி ஒரு வெள்ளைத் திட்டு வந்து எரிந்தது, மாற்றி வைக்கத் தொடங்கிய பின் போயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்ததில் ஒன்று கரைய 20 முதல் 25 நிமிடம் ஆயிற்று. அது முடிந்த பிறகு கால் மணி நேரமாவது தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இந்த நான்கு நாளில் வாந்தி இல்லை. செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒரு கூட்டம் நீண்டு, மதியச் சாப்பாடு தள்ளிப்போய், மூன்று மணி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டபோது மட்டும் வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது. பழைய அறிகுறி என்று தெரிந்ததும் காகிதத்தில் துப்பிவிட்டு, நான்கு பிஸ்கட் சாப்பிட்டேன். இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது. அந்த வேளையை அப்படியே விட்டுவிட்டு ஐந்து மணிக்குத் தொடர்ந்தேன். விட்ட மாத்திரையை ஈடுகட்ட முயல்வது தேவையற்றது.

குமட்டலைத் தவிர்க்க முடிந்தது, சுவைக் கேட்டைத் தவிர்க்க முடியவில்லை. ஆங்கிலத்தில் இதை உலோகச் சுவை என்கிறார்கள், அது பாதிதான் சரி. நம் அறுசுவையில் இதற்குச் சரியான பெயர் இருக்கிறது: துவர்ப்பு. பிஞ்சு வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடித்து, பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே வறண்டுபோகுமே, அதே உணர்ச்சிதான், கூடவே காசின் வாடை. அதைவிட என்னை வியக்கவைத்தது இனிப்பு காணாமல் போனது. திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு, மாத்திரை கரைந்து சற்று நேரத்தில், வழக்கமான சர்க்கரை போட்ட காபியைக் குடித்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்றே நினைத்து இன்னொரு கரண்டி போட்டேன், அப்போதும் இல்லை. கோப்பையின் அடியில் கரையாத சர்க்கரை கிடந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், மணலை வைத்ததுபோல் இருந்தது. துத்தநாக அயனி நாக்கில் இனிப்பை உணரும் திறனைத் தற்காலிகமாக மட்டுப்படுத்தும் என்பது சுவை பற்றிய ஆய்வுகளில் காட்டப்பட்ட ஒன்று. நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் இனிக்குமே, அதற்கு நேர் எதிர். ஆகவே காபியில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுவதில் பலன் இல்லை. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் ஓரளவு இனிக்கிறது. மாத்திரையை நிறுத்திய இரண்டாம் நாள் காலை என் காபி பழையபடி ஆகிவிட்டது.

இந்தத் துவர்ப்பை மறைக்க எலுமிச்சை மிட்டாயை உடன் போட வேண்டும் என்று தோன்றும். அதைத்தான் செய்யக்கூடாது, காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். எலுமிச்சைச் சாறும் தேனும், ஆரஞ்சுச் சாறு எல்லாமே அந்த வகைதான். நம் வீட்டில் ஜலதோஷம் என்றால் மிளகு ரசம் இல்லாமல் இருக்காது, புளியில் நிறைய இருப்பது டார்டாரிக் அமிலம். ரசத்தை விட வேண்டியதில்லை, சாப்பாட்டோடு குடித்துவிட்டு வாயை நன்றாகக் கொப்பளித்து, கொஞ்ச நேரம் விட்டு மாத்திரை போட்டால் போதும். சொல்லப்போனால் இந்தத் துவர்ப்பு ஒரு வகையில் நல்ல செய்தி. தனி அயனிகள் எச்சிலில் இருந்தால்தான் அது தெரியும். துவர்ப்பே இல்லாமல் மிட்டாய்போல் இனிக்கும் துத்தநாக மாத்திரையை, என் முதல் பொட்டலத்துக்குப் பிறகு, நான் நம்புவதில்லை.

ஆனால் இதே துவர்ப்பு ஆய்வுகளுக்கு ஒரு சிக்கலையும் கொடுக்கிறது. கிளீவ்லாந்து ஆய்வில் துத்தநாகம் எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் சுவை மோசம் என்றார்கள், போலி மாத்திரைக்காரர்களில் 30 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். தனக்கு எது கொடுக்கப்பட்டது என்று பலர் ஊகித்திருக்க முடியும். ஊகித்தவர், தான் தேறிவிட்டதாகச் சீக்கிரம் சொல்லவும் கூடும். இதனால்தான் எனக்கு நடந்ததை நான் சான்றாக வைக்க விரும்பவில்லை. மூன்றாவது ஜலதோஷத்தில் வெள்ளிக்கிழமை காலை மூக்கு திறந்திருந்தது, அதாவது ஐந்தாவது நாள். முதல் முறை ஒன்பது நாள், இப்போது ஐந்து என்று கணக்கைப் போட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜலதோஷத்துக்குக் காரணமான வைரஸ்கள் நூற்றுக்கும் மேல், இரண்டும் ஒரே வைரஸ் என்று எப்படிச் சொல்வது? மாத்திரை இல்லாமலேயே ஐந்து நாளில் விட்ட ஜலதோஷங்களும் எனக்கு உண்டு.

பெரிய சித்திரமும் கலவையாகவே இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வு, 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஜலதோஷம் வந்தபின் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு நாள் குறையலாம், ஆனால் அந்தச் சான்றின் உறுதி குறைவு என்றது. வராமல் தடுப்பதற்கு எடுத்தால் பெரிதாக ஒன்றும் இல்லை என்றது. சுவைக் கேடு, குமட்டல் போன்ற தொந்தரவுகள் கூடுவதையும் சொன்னது. துத்தநாகத்துக்கு ஆதரவாகப் பல தொகுப்பாய்வுகளை எழுதிய ஹெமிலாவே, ஹெல்சின்கி மாநகராட்சி ஊழியர்களிடம் தன் குழுவுடன் ஓர் ஆய்வு நடத்தினார். அசிடேட் மாத்திரை, 13 மில்லிகிராம், நாளுக்கு ஆறு, ஐந்து நாள். 2020இல் வெளியான முடிவு: பலன் இல்லை. அந்த மாத்திரைகள் சீக்கிரமே கரைந்துவிடுபவை என்பதும், மெல்லக் கரையும் மாத்திரைகளை வைத்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பதும் அவர்களின் குறிப்பு. தனக்குச் சாதகமில்லாத முடிவை மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைப் படித்த பிறகும் நான் மாத்திரையை எடுக்கிறேன் என்றால், வரிக் காலத்தில் இரண்டு நாள் என்பது எனக்குப் பெரிது, ஐந்து நாள் துவர்ப்பு என்பது எனக்குத் தாங்கக்கூடிய விலை, அவ்வளவே. வாந்தியோடுதான் எடுக்க முடியும் என்ற நிலை இருந்திருந்தால் விட்டிருப்பேன்.

ஐந்து நாள் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மூக்கு திறந்த வெள்ளிக்கிழமையன்று பொட்டலத்தில் மாத்திரைகள் மீதம் இருந்தபோதும் நிறுத்திவிட்டேன். ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் தொடர்வதற்கு மாறாக மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் வழக்கமாக ஒரு நாளில் எடுக்கக்கூடிய உச்ச அளவு என்று அமெரிக்காவில் வகுத்திருப்பது 40 மில்லிகிராம். நான் எடுத்தது அதில் இரண்டு மடங்குக்கும் மேல். சில நாளுக்கு அதைத் தாங்கலாம், வாரக்கணக்கில் தொடர்ந்தால் குடல் தாமிரத்தை உறிஞ்சுவது குறைந்துவிடும். என் கணவர் குளிர்காலம் முழுவதும் தினமும் இரண்டு போட்டுக்கொண்டால் ஜலதோஷமே வராது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாமிரக் குறைவால் ரத்தசோகையும், வெள்ளணுக்கள் குறைவதும், கால்கள் மரத்துப்போவதும் நேரும் என்பதையும், துத்தநாகம் கலந்த பல்செட் பசையை ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கு அப்படி ஆகியிருப்பதையும் காட்டிய பிறகுதான் விட்டார். அதேபோல் துத்தநாகத்தை மூக்கில் விடும் பசையும் ஒரு காலத்தில் விற்பனையில் இருந்தது. அதனால் பலர் முகரும் திறனை இழந்ததால் 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. வாயில் மட்டும்தான், மூக்கில் ஒருபோதும் கூடாது.

எங்கள் எட்டு வயதுப் பையனுக்கு இதைக் கொடுப்பதில்லை. கிளீவ்லாந்திலேயே பள்ளி மாணவர்களிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில் பலன் தெரியவில்லை, தொந்தரவு மட்டும் கூடியது. அவனுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்வதோடு சரி.

சென்ற மாதம் திருச்சியிலிருந்து அம்மா தொலைபேசியில், “கொரோனா சமயத்துல வாங்கின ஜிங்க் மாத்திரை இன்னும் ஒரு அட்டை இருக்கு, சளிக்கு அதையே போட்டுக்கவா?” என்று கேட்டாள். அது 50 மில்லிகிராம், விழுங்குவதற்கானது. விழுங்கினால் தொண்டையில் ஒரு வேலையும் நடக்காது. வெறும் வயிற்றில் போட்டால் எனக்கு நேர்ந்ததுதான் நேரும், வாயில் போட்டுக் கரைக்கவும் அது செய்யப்பட்டதன்று என்றேன். பேச்சோடு பேச்சாக, சிறுநீர்த் தொற்றுக்கு டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்திருப்பதாகவும் சொன்னாள். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. துத்தநாகம் அந்த மருந்தோடும், டாக்சிசைக்ளின் வகை மருந்துகளோடும் குடலில் ஒட்டிக்கொண்டு, அவை ரத்தத்தில் சேராமல் தடுத்துவிடும், தொற்று போகாமல் நின்றுவிடும். வேறு வழியில்லை என்றால் மருந்தைத் துத்தநாகத்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை சப்புகிற ஒருவருக்கு அப்படி ஒரு இடைவெளி நாளில் எங்கே கிடைக்கும்? “சிப்ரோ முடியற வரைக்கும் ஜிங்க்கைத் தொடாதேம்மா, மிளகு ரசம் குடி” என்றேன். அட்டையை அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்துவிட்டதாக மறுநாள் சொன்னாள்.